2, 3, 1 என்று வந்தால் சிக்கல்

வலப்பக்கத்திலிருந்து ஒரு தண்டவாளம் வருகிறது, இடப்பக்கமாகப் போகிறது. நடுவில் ஒரு கிளை பிரிகிறது. அந்தக் கிளையின் மறுமுனையில் முட்டுக்கட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் இதைச் சைடிங் என்பார்கள். வலப்பக்கம் ரயில் பெட்டிகள் தாறுமாறான வரிசையில் நிற்கின்றன. அவை இடப்பக்கம் போகும்போது 1, 2, 3 என்று ஒழுங்காகப் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் ஒரு முறை சைடிங்குக்குள் தள்ளலாம், ஒரு முறை வெளியே எடுத்து இடப்பக்கம் அனுப்பலாம். அனுப்பியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எந்தெந்த வரிசைகளை இப்படிச் சரிசெய்ய முடியும், எவற்றை முடியாது என்பதுதான் கேள்வி.

இது புதிர்ப் பக்கத்துக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. கணிப்பொறிக்காரர்கள் ‘ஸ்டாக்’ என்றும் தமிழில் அடுக்கு என்றும் சொல்லும் அமைப்பு இந்தச் சைடிங்தான். கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். குறுகிய முட்டுச்சந்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய ஸ்கூட்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் தன் வண்டியை எடுக்க வேண்டுமானால் வெளியில் நிறுத்தியவர்கள் எல்லாரும் நகர வேண்டும். டொனால்டு குனுத் 1968-இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் முதல் தொகுதியில் அடுக்கை விளக்குவதற்கு ரயில் தண்டவாளப் படத்தையே போட்டார். இந்த உவமையைச் சொன்னவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்றும் அங்கே எழுதியிருக்கிறார். அந்தப் படத்தையொட்டிக் குனுத் வைத்த சில பயிற்சிக் கணக்குகளிலிருந்து ஒரு தனித் துறையே கிளைத்தது.

நம் ஊர் எக்ஸ்பிரஸில் இப்படிச் சிரமப்படுவார்களா என்று ஒருவர் கேட்கலாம். ஒரே வகைத் தூங்கும் பெட்டிகளாக இருந்தால் படாமலும் இருக்கலாம். எஸ் 3 முன்னாலும் எஸ் 2 பின்னாலும் நின்றால், பெட்டியை நகர்த்துவதைவிடப் பலகையை மாற்றுவது எளிது. ஏசி பெட்டி, சமையல் பெட்டி, கடைசியில் நிற்க வேண்டிய கார்டு பெட்டி என்று வகைகள் கலந்தால்தான் பலகை உதவாது. நாம் கணக்குக்காக ஒவ்வொரு பெட்டியும் வேறுவேறு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நடக்கக்கூடிய ஒன்றைப் பார்க்கலாம். பெட்டிகள் 4, 2, 1, 3, 6, 5 என்று வருகின்றன. 4 முதலில் வருகிறது. இப்போது வேண்டியது 1, ஆகவே 4 சைடிங்குக்குள் போய்க் காத்திருக்கட்டும். அடுத்து வரும் 2-உம் அதன் மேல் போகிறது. பிறகு 1 வருகிறது, உள்ளே போன கையோடு வெளியே வந்து இடப்பக்கம் போய்விடுகிறது. இப்போது சைடிங்கின் வாயில் நிற்பது 2, வேண்டியதும் 2. அதையும் அனுப்பியாகிவிட்டது. அடுத்து 3 வருகிறது, போகிறது. வாயில் நிற்கும் 4 அதன் பின்னால் போகிறது. கடைசியில் 6 உள்ளே போகிறது, 5 வந்து போகிறது, 6 வெளியே வருகிறது. வேலை முடிந்தது.

இப்போது வெறும் மூன்றே பெட்டிகள்: 2, 3, 1. முதலில் போக வேண்டிய 1 கடைசியில் வருகிறது. அது வரும்வரை 2-உம் 3-உம் காத்திருந்தாக வேண்டும். 2 முதலில் வந்ததால் அது அடியில், 3 அதன் மேல். 1 போன பிறகு 2 போக வேண்டும். வாயை அடைத்துக்கொண்டு 3 நிற்கிறது. வேறு வழியே இல்லை. மூன்று பெட்டிகளை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். அந்த ஆறில் இந்த ஒன்றுதான் சைடிங்குக்கு அடங்காதது.

எத்தனை பெட்டிகள் வந்தாலும் இதைத் தவிர வேறு தடையே கிடையாது என்பதுதான் இதில் அழகு. இருபது பெட்டிகள் வரட்டும். அவற்றில் எங்கோ ஒரு நடுத்தர எண், அதற்குப் பின்னால் எங்கோ அதைவிடப் பெரிய எண், அதற்கும் பின்னால் எங்கோ இரண்டையும்விடச் சிறிய எண் என்று மூன்று பெட்டிகள் இருந்தால் முடியாது. அவை பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இடையில் பத்துப் பெட்டிகள் இருந்தாலும் சிக்கல் சிக்கல்தான். அப்படி மூன்று பெட்டிகள் எங்குமே இல்லையென்றால், நிச்சயம் முடியும்.

ஏன் நிச்சயம்? ஷண்டிங் செய்பவருக்கு ஒரே ஒரு கட்டளை கொடுப்போம்: வாயில் நிற்பது அடுத்துப் போக வேண்டியதாக இருந்தால் உடனே அனுப்பு, இல்லையென்றால் வருவதை உள்ளே தள்ளு. சிறிய எண்ணுக்கு மேல் பெரிய எண் ஏறாதவரை சைடிங்கில் எப்போதும் வாயில் சிறியது, அடியில் பெரியது என்றே இருக்கும். அந்த நிலையில் யாரும் யாரையும் மறிக்க மாட்டார்கள். பெரியது ஒன்று சிறியதன் மேல் எப்போது ஏறும்? அந்தச் சிறியது இன்னும் போகாமல் இருக்கும்போதுதான். அது ஏன் போகவில்லை? அதைவிடச் சிறியது ஒன்று இன்னும் வரவில்லை. இப்போது வந்த வரிசையைப் பாருங்கள்: நடுத்தரம், பெரியது, பிறகு சிறியது. அதே 2, 3, 1. ஆக, சிக்கல் வந்தால் அதற்குப் பின்னால் இந்த மூவர் நிற்பார்கள், வேறு யாரும் இல்லை.

அப்படியானால் எத்தனை வரிசைகள் தேறும்? ஒரு பெட்டி உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் நம் வேலை. நான்கு பெட்டிகள் என்றால் நான்கு ‘உள்ளே’, நான்கு ‘வெளியே’. காலியான சைடிங்கிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்ற ஒரே நிபந்தனையோடு இந்த எட்டு அசைவுகளை எத்தனை விதமாகக் கோக்கலாமோ, அத்தனை வரிசைகளைச் சரிசெய்யலாம். முதலில் வரும் பெட்டியைக் கவனியுங்கள். அது உள்ளே போய் வெளியே வருவதற்கு இடையில் மற்ற மூன்றில் ஒன்றும் வந்து போகாமல் இருக்கலாம், ஒன்று வந்து போகலாம், இரண்டு அல்லது மூன்றுமே வந்து போகலாம். மிச்சம் உள்ளவை அது போன பிறகு தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு 1 வழி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 5 என்று ஏற்கெனவே தெரியும். எனவே நான்கு பெட்டிகளுக்கு 5, 2, 2, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 14. மொத்த வரிசைகள் 24.

இப்படியே போனால் ஐந்து பெட்டிகளுக்கு 42, ஆறுக்கு 132, ஏழுக்கு 429, எட்டுக்கு 1430. கணிதத்தில் இவற்றுக்குக் கேட்டலன் எண்கள் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதர் யூஜின் கேட்டலனின் பெயர் ஒட்டிக்கொண்டாலும், ஆய்லர் 1751-லேயே பலகோணங்களை முக்கோணங்களாக வெட்டும் வழிகளை எண்ணும்போது இதே எண்களைக் கண்டிருந்தார். நமக்கு முக்கியமானது அவை எவ்வளவு சிறியவை என்பது. எட்டுப் பெட்டிகளை 40,320 விதமாக நிறுத்தலாம். ஒரு சைடிங் அவற்றில் 1430-ஐத்தான் கையாளும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசையை எடுத்தால் அது தேறுவதற்கு இருபத்தெட்டில் ஒரு வாய்ப்புகூட இல்லை. பத்துப் பெட்டிகள் என்றால் 36,28,800-க்கு 16,796. இருநூற்றில் ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது.

சரி, இன்னொரு சைடிங் போடுவோம். முதல் சைடிங்குக்குப் பக்கத்திலேயே, இணையாக. வரும் ஒவ்வொரு பெட்டியும் இரண்டில் ஏதாவது ஒன்றுக்குள் போகும், அங்கிருந்து நேராக இடப்பக்கம் வரும். 2, 3, 1 இப்போது பிரச்சினையே இல்லை. 2 ஒரு சைடிங்கில், 3 மற்றதில் நின்றால் போதும்.

இங்கே யோசிக்கும் விதம் மாறுகிறது. இரண்டு பெட்டிகள் எப்போது ஒரே சைடிங்கில் நிற்கக் கூடாது? சிறியது முதலில் வந்து, பெரியது பின்னால் வந்து, அந்தச் சிறியதைவிடவும் சிறியது ஒன்று அதற்கும் பின்னால் வருமானால் அந்த இரண்டும் ஒத்துப்போகாது. இவற்றைப் பகைவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் பெட்டி எண்களை எழுதிப் பகைவர்களைக் கோடு போட்டு இணையுங்கள். கோட்டின் இரு முனைகளும் வேறுவேறு சைடிங்கில் இருக்கும்படி எல்லாப் பெட்டிகளையும் பிரிக்க முடிந்தால் வேலை நடக்கும். முடியாவிட்டால் நடக்காது. ஷிமோன் ஈவனும் ஏலான் இட்டாயும் 1971-இல் சைடிங் கேள்வியை இப்படித்தான் கோடுகளும் வண்ணங்களுமாக மாற்றினார்கள்.

நான்கு பெட்டிகளில் 2, 3, 4, 1 என்ற வரிசையை எடுங்கள். 1 வரும்வரை மூன்றும் காத்திருக்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் பகை, 3-க்கும் 4-க்கும் பகை, 2-க்கும் 4-க்கும் பகை. மூன்று பேரும் ஒருவரோடொருவர் பகை என்றால் இரண்டு அறைகளில் எப்படிப் படுக்க வைப்பது? மூன்றாவது சைடிங் வேண்டும். நான்கு பெட்டிகளின் 24 வரிசைகளில் இந்த ஒன்றைத் தவிர மற்ற 23-ஐயும் இரண்டு சைடிங்குகள் சமாளித்துவிடும்.

ஒரு சைடிங்குக்கு 2, 3, 1 தடை, இரண்டுக்கு 2, 3, 4, 1 தடை, மூன்றுக்கு 2, 3, 4, 5, 1 தடை என்று கணக்கு ஒழுங்காகப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிப் போவதில்லை. இந்த எட்டுப் பெட்டிகளைப் பாருங்கள்:

2, 7, 4, 1, 6, 3, 8, 5

இதில் 2, 3, 4, 1 மாதிரி நால்வர் இருக்கிறார்களா என்று தேடுங்கள். ஏறுமுகமாக மூவர், அவர்களுக்குப் பின்னால் மூவரையும்விடச் சிறிய ஒருவர். கிடைக்க மாட்டார்கள். 1-க்கு முன்னால் 2, 7, 4 நிற்கின்றன, ஏறுமுகமாக மூன்று இல்லை. 3-க்கு முன்னால் அதைவிடப் பெரியவை 7, 4, 6. 5-க்கு முன்னால் 7, 6, 8. எதிலும் ஏறுமுக மூவர் இல்லை. அப்படியென்றால் இரண்டு சைடிங்கில் அடங்கிவிடும் என்று நினைக்கலாம்.

பகைக் கோடுகளைப் போட்டுப் பார்ப்போம். 2-உம் 7-உம் பகை, ஏனென்றால் பின்னால் 1 வருகிறது. அதே காரணத்தால் 2-உம் 4-உம் பகை. 4-உம் 6-உம் பகை, பின்னால் 3 வருகிறது. 6-உம் 8-உம் பகை, பின்னால் 5. 7-உம் 8-உம் பகை, அதற்கும் 5-தான் காரணம். வேறு பகை எதுவும் இல்லை. இப்போது கோடுகளின் வழியே நடந்து பாருங்கள்: 2-இலிருந்து 7, அங்கிருந்து 8, பிறகு 6, பிறகு 4, மறுபடி 2. ஐந்து பேர் கொண்ட வளையம்.

வளையத்தில் மாற்றி மாற்றிப் போடுவோம். 2 முதல் சைடிங்கில் என்றால் 7 இரண்டாவதில், 8 முதலாவதில், 6 இரண்டாவதில், 4 முதலாவதில். ஆனால் 4-உம் 2-உம் பகை, இரண்டும் முதல் சைடிங்கில் வந்து நிற்கின்றன. வளையத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கை இருந்தால் எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் இப்படி மோதும். இதில் எந்தக் குறிப்பிட்ட மூவரையோ நால்வரையோ குற்றம் சொல்ல முடியாது. வளையத்தில் யாராவது ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவர்கள் ஒழுங்காகப் பிரிந்துவிடுவார்கள். குற்றம் வளையத்தினுடையது.

ஐந்தோடு இது முடியவில்லை. ஏழு பேர் வளையம், ஒன்பது பேர் வளையம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் புதுத் தடை; சிறிய தடை எதுவும் அதற்குள் ஒளிந்திருக்காது. எனவே ‘இந்த வரிசைகள் உள்ளே இருந்தால் முடியாது’ என்று ஒரு பட்டியல் எழுதி யார்டு அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்க இரண்டு சைடிங்குக்கு வழியே கிடையாது. ராபர்ட் டார்ஜன் 1972-லும் வான் பிராட் 1973-லும் எழுதிய கட்டுரைகள் இந்தப் பகுதிக்கு வெளிச்சம் போட்டவை. ஒரு சைடிங்குக்கு ஒரே ஒரு தடை, இரண்டுக்கு முடிவில்லாத தடைகள். கணிதத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் சில நேரம் இப்படித்தான் திடுக்கிட வைக்கும்.

ஆனாலும் இரண்டு சைடிங்குக்குச் சோதனை எளிது. பட்டியல் இல்லாவிட்டால் என்ன, கோடு போட்டு, மாறி மாறிப் பிரித்து, மோதுகிறதா என்று பார்த்தால் போதும். நூறு பெட்டிகள் என்றாலும் கணிப்பொறிக்குக் கண்ணிமைக்கும் நேர வேலை. நான்கு அல்லது அதற்கு மேல் சைடிங்குகள் வந்தால்தான் நிலைமை மோசம். எல்லா வரிசைகளுக்கும் வேகமாகப் பதில் சொல்லும் வழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கடினமானவை என்று பெயரெடுத்த கணக்குகளின் கூட்டத்தில் இதுவும் ஒன்று என்பதை வால்டர் உங்கர் 1988-இல் காட்டினார்.

இரண்டு சைடிங்குகளை இணையாக வைக்காமல் அடுத்தடுத்து வைத்தால்? பெட்டி முதலாவதற்குள் போய் வெளியே வந்து, பிறகு இரண்டாவதற்குள் போய் வெளியே வரும். இது பலம் மிகுந்த அமைப்பு. ஆறு பெட்டிகள்வரை எந்த வரிசையையும் சரிசெய்துவிடும். ஏழு பெட்டிகளின் 5040 வரிசைகளில் 22 மட்டுமே தப்பும். ஆனால் ஒரு வரிசை தேறுமா தேறாதா என்று வேகமாகச் சொல்லும் முறை நெடுங்காலம் யாருக்கும் அகப்படவில்லை. அடலின் பியரோவும் டொமினிக் ரொசானும் 2014-இல்தான் அதை முன்வைத்தார்கள். 1968-இல் புத்தகத்தில் வந்த தண்டவாளப் படத்தில் இன்னொரு கிளையைச் சேர்த்ததற்குக் கொடுத்த விலை அது.

இதையெல்லாம் ஒரு ஷண்டிங் மாஸ்டரிடம் சொன்னால் அவர் முதலில் கேட்பது ஒன்றாகத்தான் இருக்கும்: அனுப்பிய பெட்டியைத் திரும்ப இழுக்கக் கூடாது என்று யார் சொன்னது? நியாயமான கேள்வி. கணிதர்கள் போட்ட நிபந்தனை அது. யார்டில் இன்ஜின் இருக்கிறது, கப்ளிங் இருக்கிறது, திரும்ப இழுத்து மறுபடி தள்ளலாம்.

அப்படிச் செய்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெட்டிகளின் வரிசை இன்ஜினில் கோத்திருக்கிறது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இன்ஜினுக்குத் தொலைவில் உள்ள பெட்டிதான் முதலில் கழன்று சைடிங்குக்குள் போய் அடியில் நிற்கும், அடுத்தது அதன் முன்னால். வேலை முடிந்ததும் இன்ஜின் போய் மொத்தமாகக் கோத்து வெளியே இழுக்கும்போது அடியில் நின்றதுதான் மறுபடியும் தொலைவில் இருக்கும். அதாவது ஒரு சைடிங்குக்குள் போன பெட்டிகள் தங்களுக்குள் இருந்த வரிசையை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே திரும்பி வருகின்றன. ஒன்றொன்றாக எடுத்தபோது எதிரியாக நின்ற ‘கடைசியில் போனது முதலில்’ என்ற விதி, மொத்தமாக இழுக்கும்போது தொல்லை தருவதில்லை. இதுதான் பிடி.

அந்தப் பொல்லாத எட்டுப் பெட்டிகளையே எடுப்போம். தொலைவு முனையிலிருந்து 2, 7, 4, 1, 6, 3, 8, 5. கையில் இரண்டு சைடிங்குகள்.

முதல் சுற்றில் ஒற்றைப்படை எண்கள் ஒரு சைடிங்குக்கும் இரட்டைப்படை மற்றதற்கும் போகட்டும். ஒன்றில் 7, 1, 3, 5. மற்றதில் 2, 4, 6, 8. இன்ஜின் முதலில் இரட்டைப்படைகளை வெளியே இழுத்து, அவற்றோடு ஒற்றைப்படை சைடிங்குக்குள் போய் அவற்றையும் கோத்துக்கொண்டு வருகிறது. தொலைவு முனையிலிருந்து இப்போது 7, 1, 3, 5, 2, 4, 6, 8. பார்த்தால் ஒன்றும் சரியானதாகத் தெரியாது.

இரண்டாம் சுற்றில் 1, 2, 5, 6 ஒரு பக்கம், 3, 4, 7, 8 மறுபக்கம். முதல் சைடிங்கில் 1, 5, 2, 6 சேரும். இரண்டாவதில் 7, 3, 4, 8. கோத்து இழுத்தால் 1, 5, 2, 6, 7, 3, 4, 8. இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

மூன்றாம் சுற்றில் 1 முதல் 4 வரை ஒரு பக்கம், 5 முதல் 8 வரை மறுபக்கம். ஒன்றில் 1, 2, 3, 4. மற்றதில் 5, 6, 7, 8. கோத்து இழுத்தால் வரிசை தயார்.

எட்டுப் பெட்டிகளின் 40,320 வரிசைகளில் எதைக் கொடுத்தாலும் இதே மூன்று சுற்றுகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் இரண்டு மடங்கு பெட்டிகளைத் தாங்கும்: இரண்டு சுற்றில் 4, மூன்றில் 8, நான்கில் 16, ஐந்தில் 32. மூன்று சைடிங்குகள் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் மூன்று மடங்கு. மூன்றே சுற்றில் 27 பெட்டிகள். 24 பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலுக்கு, இரண்டு சைடிங் உள்ள யார்டில் ஐந்து சுற்று, மூன்று சைடிங் உள்ள யார்டில் மூன்று சுற்று.

விலை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளையும் நகர்த்த வேண்டும். இடங்கள்தோறும் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும், பிரேக் குழாயைக் கழற்ற வேண்டும், பாயிண்டை மாற்ற வேண்டும். இந்திய ரயில்வே 1980-களில் சரக்கு வேகன்களை வழியெல்லாம் பிரித்துக் கோப்பதை விட்டு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு முழு ரயிலாக அனுப்பும் முறைக்குப் போனதற்கும் இந்த அலைச்சல்தான் பெருங்காரணம். மார்ஷலிங் யார்டுகளில் வேகன்கள் நாள்கணக்கில் கிடந்தன.

சைடிங்கின் நீளமும் ஒரு கட்டுப்பாடு. காகிதத்தில் சைடிங்குக்கு எல்லை கிடையாது. நிஜத்தில் பழைய ஐசிஎஃப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 22 மீட்டர், புதிய எல்எச்பி பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். மேலே சொன்ன முறையில் ஒரு சுற்றில் எல்லாப் பெட்டிகளும் சைடிங்குகளில் நின்றாக வேண்டும். பன்னிரண்டு பெட்டிகள் ஒரு பக்கம் சேர்ந்தால் முந்நூறு மீட்டர் போலத் தேவைப்படும். இட நெருக்கடியையே ஆட்டமாக ஆக்கிய ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. மாடல் ரயில் ஆர்வலரான ஆலன் ரைட் செய்த ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ என்ற சிறு அமைப்பில் மூன்று சைடிங்குகள்: ஒன்றில் ஐந்து வேகன்களுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்று. நிற்பவை எட்டு வேகன்கள். அவற்றில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எடுத்த வரிசையிலேயே கோத்துக் காட்ட வேண்டும். 6720 விதமான கட்டளைகள் வரலாம், காலியாக இருப்பதோ மூன்று வேகன் இடம். அதில் உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை.

நிஜ யார்டில் வரும் வரிசைகள் அவ்வளவு தாறுமாறாக இருப்பதில்லை. அதனால் சுற்றுகளைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. தொலைவு முனையிலிருந்து இன்ஜினை நோக்கி நடந்துகொண்டே 1 எங்கே, 2 எங்கே, 3 எங்கே என்று முறைப்படி தேடிக்கொண்டு போங்கள். அடுத்த எண் பின்னால் விட்டுவிட்ட பகுதியில் இருந்தால்தான் திரும்ப முனைக்கு வந்து புதிதாக நடக்க வேண்டும். ஒரே நடையில் கிடைத்தவை ஏற்கெனவே தங்களுக்குள் சரியான வரிசையில் நிற்கின்றன. அவற்றைப் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. ஒரே குழுவாக, ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

3, 1, 5, 2, 6, 4, 8, 7 என்ற வரிசையில் நடந்து பாருங்கள். முதல் நடையில் 1, 2 கிடைக்கும். 3 பின்னால் விட்டுப்போயிருக்கும். இரண்டாம் நடையில் 3, 4. மூன்றாம் நடையில் 5, 6, 7. நான்காம் நடையில் 8. எட்டுப் பெட்டிகள், ஆனால் நான்கே குழுக்கள். நான்குக்கு இரண்டு சுற்று போதும். முதல் சுற்றில் ஒன்றாம் குழுவும் மூன்றாம் குழுவும் ஒரு சைடிங்குக்கு: 1, 5, 2, 6, 7. மற்ற இரண்டும் அடுத்த சைடிங்குக்கு: 3, 4, 8. கோத்தால் 1, 5, 2, 6, 7, 3, 4, 8. இரண்டாம் சுற்றில் முதலிரு குழுக்கள் ஒரு பக்கம், கடைசி இரண்டு மறுபக்கம்: 1, 2, 3, 4 ஒன்றில், 5, 6, 7, 8 மற்றதில். முடிந்தது. அந்தப் பொல்லாத 2, 7, 4, 1, 6, 3, 8, 5-க்கு இதே மாதிரி நடந்தால் 1; 2, 3; 4, 5; 6; 7, 8 என்று ஐந்து குழுக்கள் வரும். நான்கைத் தாண்டிவிட்டதால் அதற்கு மூன்று சுற்றுக்குக் குறைந்து வழியில்லை.